9 நாள் ஜி.எச்.-ல் இருந்தோம், பில் நாலாயிரம்கூட இல்லை: பாலிசியில் எதுவும் வருமா?

முல்லைச்செல்வி

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 54 வயசு. போன மாசம் 14-ம் தேதி ராத்திரி வயலுக்குத் தண்ணி திறந்துவிடப் போனப்ப வரப்பில் ஏதோ கடிச்சிருச்சு. இருட்டுல என்னன்னு பார்க்கல. இடது கால் பாதம். அரை மணி நேரத்துல கால் வீங்கி, ஈறுல ரத்தம் வர ஆரம்பிச்சது. தாலுகா ஜி.எச்.-ல் ராத்திரி பத்தரைக்குச் சேர்த்தோம். விஷமுறிவு மருந்து ஏத்தத் தொடங்கிட்டு 108-ல் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினாங்க. அங்க 15-ம் தேதி அதிகாலை 2.15-க்கு அட்மிஷன். கண்ணாடி விரியனா இருக்கும்னு டாக்டர் சொன்னார். 18-ம் தேதி மதியம் வரை ஐ.எம்.சி.யூ.ங்கற தீவிரச் சிகிச்சைப் பிரிவு, அப்புறம் வார்டு. 24-ம் தேதி காலை 11 மணிக்கு டிஸ்சார்ஜ். சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் 2.9 வரை ஏறி இறங்குச்சு, டயாலிசிஸ் வேண்டியிருக்கல. அந்த டாக்டர்களையும் சிஸ்டர்களையும் நாங்க உயிர் உள்ளவரை மறக்க மாட்டோம்.

செலவுன்னு பார்த்தா வெளியில எழுதிக் கொடுத்த மருந்து 1,340 ஒரு தடவை, 840 ஒரு தடவை. கால் ரத்தக்குழாய் டாப்ளர் ஸ்கேன் மெஷின் ரிப்பேர்னு தனியார்ல எடுத்தது 1,800. மொத்தம் 3,980. டயப்பர், சாப்பாடு, வண்டி வாடகை தனி. ஆஸ்பத்திரிக்கு ஒரு ரூபாய் கட்டல.

பாலிசி ரெண்டு இருக்கு. ஒண்ணு நான் எடுத்த குடும்ப மெடிக்ளைம், 5 லட்சம், மூணு வருஷமா கிளைமே இல்ல. இன்னொண்ணு பேங்க்ல லோன் போட்டப்ப கொடுத்த தினப்படி பாலிசி, நாளுக்கு 1,000 ரூபாய். அது ஆரம்பிச்சு கடிபட்ட அன்னிக்கு 22 நாள்தான் ஆகியிருந்தது.

"ஜி.எச்.-ல் பார்த்ததுக்கு எவன் கிளைம் கொடுப்பான், பில்லே இல்லையே"ன்னு அண்ணன் சொல்றார். அவர் சொல்றது சரியா?

பாஸ்கர்_காப்பீடு

நான் 11 வருஷமா ஏஜென்ட். உங்க அண்ணன் சொல்வது பாதி சரிதான் சகோதரி. மெடிக்ளைம் என்பது செலவழித்ததைத் திருப்பித் தருவது. செலவே இல்லை என்றால் தர என்ன இருக்கிறது? 3,980-க்கு மெனக்கெட வேண்டாம், கிளைம் இல்லாத வருஷங்களுக்குச் சேர்ந்த போனஸ்தான் போகும். தினப்படியில் முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு, உங்களுக்கு 22 நாள். அதுவும் வராது. அக்கவுன்டில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள், பாம்புக்கடி அதில் உண்டு.

தமிழ்க்குமரன்

அக்கா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை முதல்லயே கொடுத்திருந்தா அஞ்சு லட்சம் வரைக்கும் வந்திருக்குமே. இப்ப கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்தா பணமா வாங்கலாமா?

முல்லைச்செல்வி

தம்பி, அந்த அட்டைக்குக் குடும்ப வருமானம் வருஷம் 1,20,000-க்குள்ள இருக்கணும். எங்க வீட்டுல என் சம்பளமும் சேருது, அட்டை எடுக்கல. நான் கேக்கறது நாங்க பிரீமியம் கட்டின பாலிசிகளைப் பத்தி.

பழைய கோப்பு

நான் காப்பீட்டுக் கிளைம்களைப் பரிசீலிக்கும் டி.பி.ஏ. ஒன்றில் 17 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அரசு மருத்துவமனைக் கோப்புகள் என் மேசைக்கு வந்ததே குறைவு. பில் இல்லையென்றால் பணமும் இல்லை என்று நினைத்துக்கொண்டு பெரும்பாலானோர் அனுப்புவதே இல்லை. அதனால்தான் சற்று நீளமாக எழுதுகிறேன்.

தமிழ்க்குமரன் தம்பி கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். முதலமைச்சர் திட்டத்தின் பணம் மருத்துவமனைக்குப் போவது. நோயாளி கையில் வராது, பிறகு மனு போட்டும் வாங்க முடியாது.

அம்மா முல்லைச்செல்வி, உங்கள் கையில் இருப்பவை இரண்டு வேறு வகைப் பொருள்கள். மெடிக்ளைம் உங்கள் பையிலிருந்து போன பணத்தைத் திருப்பித் தரும். அதற்கு ரசீதுதான் உயிர். தினப்படி பாலிசி நீங்கள் எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கேட்பதே இல்லை. உள்நோயாளியாக எத்தனை நாள் படுத்திருந்தார் என்று மட்டுமே கேட்கும். ஆஸ்பத்திரி இலவசமா, லட்சம் வாங்கியதா என்பது அதற்குத் தேவையில்லை. ஆகவே பில் சின்னது என்பதால் தினப்படி குறையாது.

இனி 22 நாள் விஷயம். பாஸ்கர் சொன்ன 30 நாள் காத்திருப்பு நோய்க்கு உரியது. விபத்துக்கு அது கிடையாது. உங்கள் பாலிசித் தாளில் அந்தப் பிரிவைப் பாருங்கள், "விபத்தினால் ஏற்படும் கிளைம் நீங்கலாக" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். பாம்புக்கடி வெளியிலிருந்து, எதிர்பாராமல், திடீரென்று நேர்வது. அதை நோய் என்று எப்படிச் சொல்ல முடியும்? பாஸ்கர் குறிப்பிட்ட அந்த 20 ரூபாய்த் திட்டமே இதற்கு நல்ல சாட்சி. அதன் விளக்கத்தில், சாலை விபத்து போன்றவற்றுக்குப் போலீஸ் பதிவு வேண்டும், பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றுக்கு உடனடி மருத்துவமனைப் பதிவு போதும் என்று இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டத்தில் உங்களுக்குப் பணம் வராது. அது இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே. உங்கள் அப்பா நடக்கிறார் என்றால் அதை விட்டுவிடுங்கள், சந்தோஷமாக விட்டுவிடுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. டிஸ்சார்ஜ் நோட்டில் நோயின் பெயர் என்ன எழுதியிருக்கிறது, தாலுகா ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து, எழுத்து மாறாமல் இங்கே போடுங்கள்.

வேதாரண்யம் ராசா

எங்க சித்தப்பாவுக்கும் இதே பாம்புக்கடிதான், போன வருஷம். நாலு நாள் ஜி.எச்.-ல் இருந்தார். அஞ்சாம் நாள் வார்டுல கூட இருந்தவங்க பேச்சைக் கேட்டு, சொல்லாமக் கொள்ளாம நாட்டு வைத்தியத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். அவருக்கு ஒரு தினப்படி பாலிசி இருக்கறது அப்புறமாத்தான் தெரிஞ்சுது. டிஸ்சார்ஜ் தாளும் இல்ல, ஒண்ணும் இல்ல. இப்ப ஏதாவது செய்ய முடியுமா சார்?

சிஸ்டர் மேரி

நான் அரசு ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ். ராசா அண்ணே, அப்படிப் போனவங்களை மறுநாள் ரவுண்ட்ஸ்ல "அப்ஸ்காண்டட்"னு எழுதி கேஸ் ஷீட்டை முடிச்சு, பழைய பதிவுகளை வெச்சிருக்கற எம்.ஆர்.டி. பிரிவுக்கு அனுப்பிடுவோம். ஆனா கேஸ் ஷீட் அழிஞ்சு போகாது. ஐ.பி. நம்பர் தெரிஞ்சா, தெரியலேன்னா அட்மிஷன் தேதியும் பேரும் கொடுத்து, நகல் கேட்டு, ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பார்க்கற டாக்டரான ஆர்.எம்.ஓ.-வுக்கு எழுதிக் கொடுங்க. இன்ஷூரன்ஸ்காரங்க ஏத்துக்கறது வேற விஷயம், அது எனக்குத் தெரியாது.

முல்லை, இது எங்க பக்கத்துல தினமும் நடக்கறது. கடிச்சது என்னன்னு பார்க்காம வந்தா கேஷுவாலிட்டி டாக்டர் "அன்னோன் பைட்"னுதான் எழுதுவார். அது தப்பில்ல, அந்த நிமிஷத்துல அவருக்குத் தெரிஞ்சது அதான். அப்புறம் 20 நிமிஷ ரத்த உறைவு டெஸ்ட் போட்டு, ரத்தம் உறையலேன்னு பார்த்து, மருந்து ஏத்தறப்பதான் பாம்புக்கடின்னு கேஸ் ஷீட்ல வரும். உங்க அப்பா தாள்ல எப்படி இருக்குன்னு பாருங்க.

முல்லைச்செல்வி

சிஸ்டர் சொன்னதுதான் நடந்திருக்கு. தாலுகா ஏ.ஆர். காப்பியில் "அன்னோன் பைட், இடது பாதம்" அவ்வளவுதான். மெடிக்கல் காலேஜ் டிஸ்சார்ஜ் நோட்டில் "பாம்புக்கடி, ரத்தத்தைப் பாதிக்கும் விஷம், செல்லுலைட்டிஸ், தற்காலிகச் சிறுநீரகப் பாதிப்பு"ன்னு இங்கிலீஷ்ல இருக்கு. அட்மிஷன் தேதி, டிஸ்சார்ஜ் தேதி இருக்கு, மணி எதுவும் எழுதல. ஐ.எம்.சி.யூ.-ல இருந்த நாளும் போடல. சீல் இருக்கு, கையெழுத்துக்குக் கீழ டாக்டர் பேர் இல்ல.

840 ரூபாய் பில்லில் அப்பா பேரே இல்ல, "கேஷ்"னு போட்டிருக்கான். சிஸ்டர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை மருந்துக் கடையிலேயே விட்டுட்டோம்.

பாஸ்கர்_காப்பீடு

விபத்துக்குக் காத்திருப்பு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன், அவசரத்தில் எழுதிவிட்டேன். மன்னிக்கவும். பில்லுக்கு ஒரு வழி சொல்கிறேன். தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் சொன்னால் அதே தேதியில், பெயர் போட்டு, கொஞ்சம் கூட்டியே பில் கொடுப்பார்கள். எல்லாரும் செய்வதுதான்.

பழைய கோப்பு

பாஸ்கர், இதைச் சொல்லாதீர்கள். மருந்துக்கடை பில்லில் வரிசை எண் இருக்கிறது, மருந்தின் பேட்ச் எண் இருக்கிறது. விசாரணைக்குப் போகிறவர் முதலில் கடையின் பில் புத்தகத்தைத்தான் கேட்பார். ஒரு பொய்ப் பில் சிக்கினால் அந்த 840 மட்டும் போகாது, முழுக் கிளைமும் போகும், பாலிசியையே ரத்து செய்ய இடம் உண்டு. அப்பாவுக்குச் சிறுநீரகம் தொட்டுப்போன நேரத்தில் 5 லட்சம் பாலிசியைப் பணயம் வைப்பதா? அந்த 840 வாங்கிய கடைக்கே போய், அதே பில் எண்ணுக்குப் பெயர் சேர்த்து, கடை முத்திரையோடு நகல் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் அப்படியே அனுப்புங்கள். போனால் 840 மட்டும் போகட்டும்.

அம்மா, இப்போது கணக்கைப் பார்ப்போம். உங்கள் தினப்படிப் பாலிசியின் விதியை எழுதுங்கள். முதல் 24 மணி நேரம் கழிப்பார்களா? ஐ.சி.யூ.-க்கு எவ்வளவு?

முல்லைச்செல்வி

தொடர்ந்து முடிந்த ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் 1,000. முதல் 24 மணி நேரம் கிடையாது. ஐ.சி.யூ. என்றால் இரண்டு மடங்கு.

பழைய கோப்பு

15-ம் தேதி அதிகாலை 2.15 முதல் 24-ம் தேதி காலை 11 வரை 9 நாளும் கிட்டத்தட்ட 9 மணி நேரமும் ஆகிறது. முடிந்த நாள் 9. முதல் நாளைக் கழித்தால் 8. தாலுகா ஆஸ்பத்திரியில் சேர்த்த இரவு பத்தரையிலிருந்து கணக்கிட்டாலும் அதே 9 தான் வரும், அதற்காகச் சண்டை வேண்டாம்.

18-ம் தேதி மதியம் வரை ஐ.எம்.சி.யூ. என்றால் அங்கே முடிந்த நாள் 3. கழிக்கும் முதல் நாள் அதில் போகிறது. மீதி 2 நாள் இரண்டாயிரம் வீதம் 4,000, வார்டு 6 நாள் 6,000. ஆக 10,000. ஐ.எம்.சி.யூ.-வை ஐ.சி.யூ. என்று அவர்கள் ஏற்காவிட்டால் எட்டு நாளுக்கு 8,000. நீங்கள் கையிலிருந்து செலவழித்ததைப் போல இரண்டு பங்குக்கு மேல்.

இந்த 22 நாள் இருப்பதால் உங்கள் கோப்பைச் சந்தேகத்தோடுதான் திறப்பார்கள். பாலிசி எடுத்த மாதத்திலேயே கிளைம் வந்தால் நானும் அப்படித்தான் திறந்திருப்பேன். ஒரு தாளில் "தெரியாத கடி", இன்னொன்றில் "பாம்புக்கடி" என்று இருந்தால் முதல் கேள்வி அங்கேதான் விழும். பூச்சி கடித்து வந்த செல்லுலைட்டிஸ், அதாவது தோல் தொற்று, என்று யாராவது எழுதிவிட்டால் அது நோய்ப் பக்கம் சாய்ந்துவிடும். பிறகு 30 நாள் விதி உங்கள் மேல் வந்து நிற்கும். அதனால் கேள்வி வருமுன்பே கேஸ் ஷீட் நகலை எடுத்துவிடுங்கள். ரத்தம் உறையவில்லை என்ற சோதனை முடிவு, எத்தனை குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள் என்ற கணக்கு, இந்த இரண்டு பக்கமும் இருந்தால் வேறு வாதம் தேவையில்லை. பூச்சிக்கடிக்கு யாரும் விஷமுறிவு மருந்து ஏற்றமாட்டார்கள்.

சிஸ்டர் மேரி

ஆர்.எம்.ஓ. ஆபீஸுக்குப் போறப்ப ஒரே தாள்ல எழுதிட்டுப் போங்க முல்லை. அப்பா பேரு, ஐ.பி. நம்பர், வார்டு, யூனிட், இன்ஷூரன்ஸுக்காகன்னு காரணம். கேக்க வேண்டியது மூணு. கேஸ் ஷீட் நகல். அட்மிஷன், ஐ.எம்.சி.யூ.-ல இருந்து வார்டுக்கு மாத்தினது, டிஸ்சார்ஜ், மூணுக்கும் தேதியும் மணியும் போட்ட சான்று. ஆஸ்பத்திரியில கட்டணம் எதுவும் வாங்கலேன்னு ஒரு கடிதம். இந்த மூணாவதை நிறைய பேர் கேக்க மறந்துட்டுத் திரும்ப வருவாங்க. காலையில ஓ.பி. கூட்டத்துல போகாதீங்க, மதியத்துக்கு மேல போனா நின்னு பேசுவாங்க. அப்பாவோட ஆதாரும், நீங்க மகள்னு காட்ட ஒண்ணும் எடுத்துக்குங்க. அப்பாவால நடக்க முடிஞ்சா அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க, சீக்கிரம் ஆகும்.

இன்னொண்ணு, இது உங்களுக்கில்ல, படிக்கிற மத்தவங்களுக்கு. கேஷுவாலிட்டில அப்சர்வேஷன்னு ஒரு நாள் பூரா படுக்க வெச்சு அனுப்பினா அது அட்மிஷன் ஆகாது. ஐ.பி. நம்பர் போட்டாத்தான் உள்நோயாளி. 24 மணி நேரம் இருந்தோமேன்னு அப்புறம் வந்து சண்டை போடறாங்க.

நிவேதா_சேலம்

மெடிக்ளைமை ஏன் எல்லாரும் விட்டுட்டீங்க? 3,980 மட்டும் இல்லையே. டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 60 நாள் வரைக்கும் மருந்து, டெஸ்ட், டிரெஸ்ஸிங் எல்லாம் அதில் வரும். என் மாமியாருக்கு ஜி.எச்.-ல் பித்தப்பை ஆபரேஷன். உள்ள ஆன செலவைவிட வெளிய வந்தப்புறம் ஆன செலவுதான் அதிகம். எல்லாத்தையும் வாங்கினோம்.

முல்லைச்செல்வி

ஆமாம் அக்கா, செலவு இப்பவும் ஓடுது. ஆன்டிபயாட்டிக் 960. கிரியாட்டினின் டெஸ்ட் மூணு தடவை எடுக்கச் சொல்லியிருக்காங்க, ஒரு தடவைக்கு 250. மெடிக்கல் காலேஜ் 40 கிலோமீட்டர், அதனால பக்கத்து லேப்லயே எடுக்கறோம். கால் புண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் டிரெஸ்ஸிங், ஊர்ல ஒரு கிளினிக்ல 200 ரூபாய், பத்துத் தடவை ஆகும்ங்கறாங்க. அவங்க பில் தர்றதில்ல.

பழைய கோப்பு

நிவேதா சொல்வது சரி. உள்ளே ஆன 3,980, ஆன்டிபயாட்டிக் 960, மூன்று சோதனைக்கு 750, மொத்தம் 5,690. டிரெஸ்ஸிங் 2,000-க்கு ரசீது வாங்கிவிட்டால் 7,690. டாக்டரின் லெட்டர்பேடில், தேதிவாரியாக, கையெழுத்தோடு எழுதித் தந்தால் போதும், அச்சடித்த பில் வேண்டும் என்பதில்லை. டிஸ்சார்ஜ் நோட்டில் "டிரெஸ்ஸிங், சிறுநீரகச் சோதனை தொடர வேண்டும்" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ரிவ்யூவுக்குப் போகும்போது ஓ.பி. சீட்டில் எழுதி வாங்குங்கள். டயப்பரை விட்டுவிடுங்கள், மருத்துவம் சாராத பொருள்கள் பட்டியலில் போய்விடும்.

ஆனால் வாங்கலாமா என்பது வேறு கேள்வி. உங்கள் பாலிசியில் மூன்று ஆண்டுக்குப் போனஸ் எவ்வளவு சேர்ந்திருக்கிறது?

முல்லைச்செல்வி

வருஷத்துக்குப் பத்து சதவீதம். இப்ப 5 லட்சத்தோட 1.5 லட்சம் சேர்ந்து 6.5 லட்சம். கிளைம் எடுத்தா சேர்ந்த அளவிலேயே குறையும்னு போட்டிருக்கு, அதாவது 50,000.

பழைய கோப்பு

அப்படியானால் நான் எடுக்கமாட்டேன். ஆறாயிரத்துக்காக அடுத்த வருடம் ஐம்பதாயிரம் ரூபாய்ப் பாதுகாப்பு குறைகிறது. கிளைம் இல்லாமல் விட்டால் ஏறியிருக்க வேண்டிய அடுத்த ஐம்பதாயிரமும் ஏறாது. தினப்படி தனிப் பாலிசியாக இருப்பதால் அதில் வாங்குவது இதைத் தொடாது. அதே மெடிக்ளைமுக்குள் தினப்படி இருக்கிறவர்கள்தான் யோசிக்க வேண்டும், அங்கே அதுவும் கிளைம்.

நிவேதா_சேலம்

நான் இதை ஒத்துக்க மாட்டேன் சார். போனஸ்ங்கறது வரப்போற ஆபத்துக்கு. இப்ப கையில இருந்து போனது நிஜப் பணம். விவசாயி ஒன்றரை மாசம் வேலைக்குப் போகாம இருக்கார், அந்த வீட்டுக்கு ஆறாயிரம் சின்ன காசா? கிளைம் எடுத்தாங்கன்னு ரினியுவலை மறுக்கவும் முடியாது.

பழைய கோப்பு

நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, முடிவு அந்த வீட்டுக்காரர்களுடையது. நான் சொல்வது இந்த ஒரு விஷயத்துக்காக. கிரியாட்டினின் 2.9 வரை போனவர். சிறுநீரகம் முழுதும் தேறுகிறதா என்பது சில வாரங்களில்தான் தெரியும். ஒருவேளை மறுபடி சேர்க்க வேண்டி வந்து பெரிய பில் ஆனால் போனஸ் எப்படியும் குறையத்தான் போகிறது, அப்போது இந்தச் சின்னப் பில்களையும் சேர்த்தே வாங்கிவிடலாம். அதற்கு வழி அடைபடாமல் இருக்க, மெடிக்ளைம் நிறுவனத்துக்கு அட்மிஷன் பற்றித் தகவல் மட்டும் இன்றே கொடுத்து, ஒரு பதிவெண் வாங்குங்கள். தாள்களைக் கொடுக்க உங்கள் பாலிசியில் எத்தனை நாள் என்று பார்த்து, அந்தக் கடைசி நாள் வரை பொறுத்து முடிவெடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கிளைம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பின்னால் வேறு நிறுவனத்துக்கு மாறும்போது இந்த அட்மிஷனைச் சொல்லியே ஆக வேண்டும்.

ராசா, உங்கள் சித்தப்பாவுக்கு. கேஸ் ஷீட் நகலில் நான்கு நாள் வைத்தியம் தெரிந்தால் அனுப்பிப் பாருங்கள். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் தாமதம் ஒன்றை மட்டும் வைத்து மறுக்கக்கூடாது என்பது நெடுநாள் வழிகாட்டல். ஆனால் சொல்லாமல் போனதை அந்த நிறுவனம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. டிஸ்சார்ஜ் நேரம் இல்லாத கோப்புகளில் கடைசியாக மருந்து கொடுத்த பதிவு வரை நாள் கணக்கிட்டதைப் பார்த்திருக்கிறேன். முழுதாகத் தள்ளியதையும் பார்த்திருக்கிறேன்.

முல்லைச்செல்வி (6 வாரம் கழித்து)

என்ன ஆச்சுன்னு சொல்லத்தான் வந்தேன். அப்பா நல்லா இருக்கார். கிரியாட்டினின் 1.1-க்கு வந்திருச்சு. கால் புண் ஆறி, செருப்பு போட்டு நடக்கறார். அதனால மெடிக்ளைம்ல போடல. தகவல் கொடுத்த பதிவெண்ணோட நிறுத்திட்டோம். நிவேதா அக்கா கோவிச்சுக்காதீங்க, வீட்ல எல்லாரும் உக்காந்து பேசித்தான் முடிவு பண்ணோம்.

தினப்படிக்கு அனுப்பின பத்தாம் நாள் ஒரு கேள்விக் கடிதம் வந்தது. கேட்டது மூணு. ஆஸ்பத்திரியின் இறுதி பில்லும் பணம் கட்டின ரசீதும். ஆஸ்பத்திரிப் பதிவுச் சான்று. "தெரியாத கடி" எப்படி பாம்புக்கடி ஆச்சு. நீங்க எல்லாரும் சொன்னது அப்படியே வந்திருக்குன்னு எனக்குக் கை நடுங்கிப் போச்சு.

சிஸ்டர், நீங்க சொன்ன கட்டணமில்லாக் கடிதம் கையில இருந்தது, முதல் கேள்விக்கு அதைக் கொடுத்தேன். பதிவுச் சான்றுக்கு, இது அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, ராப்பகலா டாக்டரும் நர்ஸும் ஆபரேஷன் தியேட்டரும் இருக்கு, பாலிசியிலேயே ஆஸ்பத்திரின்னா என்னன்னு இருக்கற விளக்கம் பொருந்துதுன்னு எழுதினேன். மூணாவதுக்குக் கேஸ் ஷீட் நகல். அதுல முதல் சோதனையில 20 நிமிஷம் ஆகியும் ரத்தம் உறையலேன்னும், தாலுகாலயும் இங்கயும் சேர்த்து 20 குப்பி மருந்து ஏத்தினதாவும் தெளிவா இருந்தது. அதுக்கு மேல யாரும் கேள்வி கேக்கல. போன செவ்வாய்க்கிழமை 8,000 அக்கவுன்ட்ல வந்துருச்சு.

ஐ.எம்.சி.யூ. 2 நாளையும் வார்டாக் கணக்குப் பண்ணியிருக்காங்க. 2,000 குறையுது. எழுதிக் கேக்கலாமா, விட்டுடலாமா?

பாஸ்கர்_காப்பீடு

வாழ்த்துகள் சகோதரி. ஐ.எம்.சி.யூ. என்பது ஐ.சி.யூ. இல்லை, அது நடுத்தரப் பிரிவு. எனக்குத் தெரிந்து தரமாட்டார்கள்.

சிஸ்டர் மேரி

இல்ல சார், அது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். எங்க ஐ.எம்.சி.யூ.-ல வென்டிலேட்டரே இருக்கு, மானிட்டர் ஒவ்வொரு பெட்டுக்கும் இருக்கு, ட்யூட்டி டாக்டர் அங்கயே இருப்பார். பேருதான் மருத்துவத் துறை தீவிரச் சிகிச்சைப் பிரிவு. வேற ஊர்ல வெறும் ரெண்டு மானிட்டரோட ஒரு வார்டுக்கும் அதே பேரு வெச்சிருப்பாங்க.

பழைய கோப்பு

சிஸ்டர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. பாலிசி பெயர்ப் பலகையைப் பார்க்காது. ஆபத்தான நிலையில் உள்ளவர்களைத் தொடர்ந்து கண்காணிக்கும் கருவிகள், அதற்கென்றே மருத்துவர் மேற்பார்வை, சாதாரண வார்டைவிட உயர்ந்த கவனிப்பு, இவை இருக்கின்றனவா என்றுதான் பார்க்கும். ஆர்.எம்.ஓ. அல்லது யூனிட் தலைமை மருத்துவரிடம் இதே சொற்களில் இரண்டு வரி எழுதி வாங்க முடிந்தால் மறுபரிசீலனைக்கு அனுப்புங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 2,000 ரூபாய்க்கும் எடுத்துக்கொள்வார்கள். ஜெயிக்குமா என்று கேட்டால், அந்த இரண்டு வரியைப் பொறுத்தது.

வேதாரண்யம் ராசா

சார், சித்தப்பா கேஸ் ஷீட் நகல் கிடைச்சிருச்சு. நாலாம் நாள் ராத்திரி எட்டு மணிக்கு ஊசி போட்டதா கடைசிப் பதிவு இருக்கு. நேத்து தபால்ல அனுப்பிட்டேன்.

முல்லைச்செல்வி

வியாழக்கிழமை அப்பாவுக்கு ரிவ்யூ இருக்கு. அப்படியே ஆர்.எம்.ஓ. ஆபீஸுக்கும் போய் அந்த ரெண்டு வரியைக் கேட்டுப் பார்க்கறேன். ராசா அண்ணா, உங்களுக்குப் பதில் வந்தா இங்க போடுங்க.